சார்ஜ் ஏறுகிறது, போட்டோ ஏறவில்லை: கடைக்கு எழுதும் புகார்க் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

வாசகியின் கடிதம்

"தண்டையார்பேட்டையில் வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஆள் கிடையாது, நான் ஒருத்திதான். வருகிறவர்கள் போனில் இருக்கும் ஆதார், மார்க் ஷீட் போட்டோக்களை லேப்டாப்பில் ஏற்றி பிரிண்ட் போட்டுத் தருவேன். பழைய கேபிள் முனையில் பிய்ந்துவிட்டதால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொபைல் கடையில் 250 ரூபாய்க்கு டைப்-சி கேபிள் வாங்கினேன். 'லேப்டாப்ல போட்டோ ஏத்தணும், அதுக்குத் தகுந்த மாதிரி குடுங்க' என்று சொல்லித்தான் கேட்டேன். அட்டையிலும் ஃபாஸ்ட் சார்ஜிங், டேட்டா சிங்க் என்று போட்டிருக்கிறது. வாங்கின நாளிலிருந்து சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது. ஒரு போட்டோகூட வந்ததில்லை. பிய்ந்த பழைய கேபிளைப் போட்டுப் பிடித்துக்கொண்டால் வருகிறது. மறுநாளே போய்க் கேட்டதற்கு, 'சார்ஜ் ஏறுதுல்ல, அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு, உங்க போனைப் பாருங்க' என்றார் கடைக்காரர். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதையும் காட்டினார். போலி கேபிள் விற்று மோசடி செய்துவிட்டீர்கள், 50,000 ரூபாய் நஷ்ட ஈடு தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. கடை உபயோகத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறான் என் தம்பி. கேபிளை வெட்டி, உள்ளே ஒயர் இல்லை என்று நிரூபித்துவிடலாமா? என்ன செய்யட்டும்?"

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கேபிளை வெட்டாதீர்கள். உங்களிடம் இருக்கும் பெரிய சாட்சியே அதுதான். வெட்டிய கேபிளைக் கொண்டுபோய்க் காட்டினால், "நான் கொடுத்தபோது முழுசாக இருந்தது, இவங்கதான் வெட்டிட்டு வந்து பேசுறாங்க" என்று கடைக்காரர் சொல்வார். அந்த இடத்தில் உங்களால் பதில் சொல்ல முடியாது. கேபிளையும் அட்டையையும் பில்லையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பிய்ந்துபோன பழைய கேபிளையும் அதே கவரில் வையுங்கள். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதில் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம்தான். ஆனால் கடைக்காரர் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை. "போலி" என்கிறீர்கள், "மோசடி" என்கிறீர்கள். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சார்ஜ் ஏறுகிற கேபிளில் என்ன குறை? அதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் கடிதம்தான் இப்போது வேண்டும்.

"சார்ஜ் ஏறுதுல்ல" என்ற வாதம் எங்கே உடைகிறது

உங்கள் மாதிரியான சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு ஒயர்கள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரம், பச்சையும் வெள்ளையும் தகவல். சிவப்பும் கறுப்பும் சரியாக இருந்தால் போதும், சார்ஜ் ஏறிவிடும். மற்ற இரண்டும் அறுந்திருந்தாலும் சரி, தொடக்கத்திலேயே போடாமல் விட்டிருந்தாலும் சரி, சார்ஜ் ஏறுவது நிற்காது. சார்ஜுக்கு மட்டும் என்றே தயாரித்து, பவர் பேங்க், டிரிம்மர் போன்றவற்றோடு கொடுக்கும் கேபிள்கள் சந்தையில் நிறைய உண்டு. அப்படி ஒரு கேபிளை அப்படியே சொல்லி விற்பதில் தப்பு இல்லை. ஆகவே சார்ஜ் ஏறுவதை வைத்து, தகவலுக்கான இரண்டு ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று யாரும் சொல்ல முடியாது. அவரே நினைத்தாலும் முடியாது.

சட்டமும் இதையே வேறு வழியில் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10) "குறைபாடு" என்றால் என்ன என்று சொல்கிறது. தரத்தில் உள்ள பழுது மட்டும்தான் குறைபாடு என்பதில்லை. ஒப்பந்தப்படி இருக்க வேண்டியது இல்லாமல் போனாலும், விற்பவர் எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல்லுக்குத் தக்கபடி பொருள் இல்லாமல் போனாலும் அது குறைபாடுதான். "எந்த விதத்திலும்" என்பதைக் கவனியுங்கள். அட்டையில் அச்சடித்தது அதில் அடங்கும், கடைக்காரர் வாயால் சொன்னதும் அடங்கும். அட்டையில் "டேட்டா சிங்க்" என்று இருந்தும் டேட்டா போகவில்லை என்றால், கேபிள் எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஏற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது குறைபாடுள்ள பொருள்.

இன்னொரு பிடியும் உங்களுக்கு இருக்கிறது. என்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லிக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16(1) இதற்காகவே இருக்கிறது. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் தக்கதாக இருக்க வேண்டும் என்பது விற்பனையிலேயே அடங்கிய நிபந்தனை. ஆனால் வாயால் சொன்னதை நிரூபிப்பது சிரமம், அவர் மறுத்துவிடலாம். அட்டையில் அச்சடித்ததை யாரும் மறுக்க முடியாது. அதனால் கடிதத்தில் அட்டையை முன்னால் வையுங்கள், வாய்ப்பேச்சைப் பின்னால் வையுங்கள். ஒருவேளை அட்டையில் வெறும் "சார்ஜிங் கேபிள்" என்று மட்டும் இருந்திருந்தால், உங்கள் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருக்கும். அப்போது இவ்வளவு உறுதியாக நான் பேசமாட்டேன்.

போனில் கோளாறு இல்லை என்று முதலில் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்

கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில், நல்ல கேபிளைப் போட்டாலும் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போனைத் திறந்து, மேலிருந்து திரையை இழுத்தால் `Charging this device via USB` என்பதுபோல ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு `File transfer` என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் லேப்டாப்பில் போட்டோக்கள் தெரியும். தினமும் இந்த வேலை செய்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் கடைக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான், அதனால் சொல்கிறேன்.

புதுக் கேபிளைப் போட்டு அந்த அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், தகவல் ஒயர் வழியாகப் போனும் லேப்டாப்பும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன என்று அர்த்தம். அப்போது கோளாறு செட்டிங்கிலோ லேப்டாப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம், கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கும். அறிவிப்பே வராமல், சுவரில் இருக்கும் சார்ஜரில் போட்டதுபோல வெறுமனே சார்ஜ் ஏறினால், லேப்டாப்பிலும் போன் சேர்ந்த சத்தம் கேட்கவில்லை என்றால், சந்தேகம் கேபிள் மீது திரும்புகிறது.

அடுத்தது ஒப்பீடு. போன், லேப்டாப், லேப்டாப்பில் செருகும் ஓட்டை எதையும் மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றுங்கள். இங்கேதான் உங்கள் பழைய கேபிள் வருகிறது. அது பிய்ந்திருந்தாலும் போட்டோ வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதைவிடப் பலமான வரி இல்லை. போன், லேப்டாப், செட்டிங் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு புதுக் கேபிளை வேறொரு போனிலும், முடிந்தால் தெரிந்தவர் லேப்டாப்பிலும் போட்டுப் பாருங்கள். டைப்-சி முனையை ஒருமுறை திருப்பிப் போட்டும் பாருங்கள். ஒரு பக்கமாகப் போட்டால் வந்து, திருப்பினால் வரவில்லை என்றால் போனின் ஓட்டையில் தூசி அடைத்திருக்கலாம் அல்லது அதன் முள் தேய்ந்திருக்கலாம். எல்லா விதத்திலும் வரவில்லை என்றால் கேபிள்தான்.

இதையெல்லாம் இன்னொருவரை விட்டு ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதலில் அட்டை, அடுத்து புதுக் கேபிள், போன் திரை, லேப்டாப் திரை, பிறகு பழைய கேபிள், அதில் போட்டோ வருவது. இடையில் நிறுத்த வேண்டாம். கேபிளின் தட்டையான பெரிய முனைக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். அங்கே நான்கு பொன்னிறத் தகடுகள் வரிசையாக இருக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. சில மலிவுக் கேபிள்களில் நடு இரண்டும் இருக்கவே இருக்காது. அப்படி இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாதமே தேவைப்படாது. நான்கும் இருந்தால் மனம் தளர வேண்டாம். தகடு இருந்தும் அதோடு ஒயர் சேராத கேபிள்கள் உண்டு. போன் ரிப்பேர் செய்யும் யாரிடமாவது கொடுத்தால் மீட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவர் பார்த்ததை நான்கு வரியில் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். உள்ளே ஒயர் இல்லையா, இருந்து அறுந்திருக்கிறதா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டில் எதுவானாலும் அட்டையில் சொன்ன வேலையை அது செய்யவில்லை. ஆகவே "உள்ளே ஒயரே இல்லை" என்று கடிதத்தில் எழுதாதீர்கள், நீங்கள் பார்க்காத விஷயம் அது. "வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் தகவல் போகவில்லை" என்று எழுதுங்கள். சில நாள் வேலை செய்து பிறகு நின்றிருந்தால், மடக்கிச் சுருட்டியதில் அறுந்தது என்று அவர் சொல்லலாம். முதல் நாளிலிருந்தே இல்லை என்பதும், மறுநாளே போய்க் கேட்டீர்கள் என்பதும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன.

பில்லில் இருக்கும் அந்த வரியும் தம்பியின் பயமும்

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று வாங்குபவர், விற்பவர் இரண்டு பேருமே நம்புகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை, நீளம் போதவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த வரிக்கு மதிப்பு உண்டு. குறைபாடுள்ள பொருளுக்கு இல்லை. அதே 2019 சட்டத்தின் பிரிவு 2(47), குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுத்துப் பணத்தையும் தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு குறித்திருந்தால் அதற்குள், குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் அவர் திருப்பித் தர வேண்டும். அந்த 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். தாமதமானால் உரிமை அடியோடு போய்விடாது. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் சீக்கிரம் கேட்டவருக்குத்தான் பேச்சில் பலம்.

உங்களிடம் பில் இருப்பது நல்லது. பில் இல்லாமல் வாங்கியவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பிரிவில் நேர்மையற்ற நடைமுறைதான். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே வாங்கியதற்குச் சான்று.

உங்கள் தம்பி சொன்னது பாதி சரி. லாபத்துக்காக நடத்தும் வணிக நோக்கத்தில் வாங்கியவர் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிரிவு 2(7)-இன் விளக்கத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. தன் சொந்த உழைப்பில், சுயதொழிலாக, பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தும் பொருளை வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது. வீட்டு முன்னறையில் ஆள் இல்லாமல் தனியாக ஜெராக்ஸ் போடும் நீங்கள் அந்த விலக்குக்குள் வருகிறீர்கள். புகார் என்று போனால் "சுயதொழில் செய்து, அதன் வருமானத்தில் வாழ்கிறேன்" என்ற வரியை மறக்காமல் எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் "என் கடைக்காக வாங்கினேன்" என்று மட்டும் எழுதினால், தம்பி பயப்படுவது நடக்கலாம்.

50,000 ரூபாயும் போலீசும்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மோசடி என்ற குற்றத்துக்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பெட்டி பெட்டியாக மொத்தக் கடையிலிருந்து எடுத்து விற்கும் ஒருவருக்கு, உள்ளே எத்தனை ஒயர் என்று தெரியாமலே இருந்திருக்கலாம். தெரியவில்லை என்பதால் அவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. குறைபாடுள்ள பொருளுக்கு விற்றவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது குற்றவழக்கு ஆகாது. பணம் தராவிட்டால் போலீஸ் என்று எழுத்தில் மிரட்டியது உங்களுக்குத்தான் பாதகம், பிறகு அந்தத் தாளையே அவர் எடுத்துக் காட்டுவார். அவரைத் திருடன், ஃபிராடு என்று நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதவும் வேண்டாம். கேபிள் விஷயத்தை விட்டுவிட்டு அவதூறு விஷயம் பேச அவருக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

50,000 என்பதற்கு உங்களிடம் கணக்கு இருக்கிறதா? திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் எத்தனை பேர், ஒரு பிரிண்டுக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தால் அந்தக் கணக்கைக் கேளுங்கள். இல்லையென்றால் கேபிளின் விலையையும் போய்வந்த செலவையும் மட்டும் கேளுங்கள். பெரிய தொகையைப் பார்த்ததும் கடைக்காரர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். 250 ரூபாய் என்று பார்த்தால், கொடுத்து முடித்துக்கொள்வோமே என்று நினைக்க இடம் இருக்கும்.

புதிய கடிதம் இப்படி இருக்கட்டும்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். உரிமையாளர் பெயர் தெரியாவிட்டால் "உரிமையாளர்" என்று எழுதி, போர்டிலும் பில்லிலும் இருக்கும் கடைப் பெயரை அப்படியே போடுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதையும் குறியுங்கள்.

"ஐயா, உங்கள் கடையில் (தேதி) அன்று, பில் எண் (எண்)-இன்படி 250 ரூபாய் கொடுத்து ஒரு டைப்-சி கேபிள் வாங்கினேன். அதன் அட்டையில் 'ஃபாஸ்ட் சார்ஜிங், டேட்டா சிங்க்' என்று அச்சிடப்பட்டுள்ளது. லேப்டாப்பில் போட்டோ ஏற்றுவதற்கு வேண்டும் என்று சொல்லித்தான் கேட்டேன்.

வாங்கிய நாளிலிருந்து இந்தக் கேபிளில் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. தகவல் ஒருமுறைகூடப் போகவில்லை. அதே போன், அதே லேப்டாப்பில் என் பழைய கேபிளைப் போட்டால் போட்டோக்கள் வருகின்றன. புதுக் கேபிளை வேறு போனிலும் வேறு லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தேன். அவற்றிலும் வரவில்லை. இதற்கான வீடியோ என்னிடம் உள்ளது. உங்கள் கடையிலேயே நேரில் போட்டுக் காட்டவும் தயாராக இருக்கிறேன்.

வாங்கிய மறுநாளே நேரில் வந்து தெரிவித்தேன். மாற்றித் தர மறுத்துவிட்டீர்கள். அட்டையில் சொன்ன வேலையைச் செய்யாததால் இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10)-இன்படி குறைபாடுள்ள பொருள். இந்தக் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள், தகவல் போகும் கேபிளை மாற்றித் தரவும் அல்லது 250 ரூபாயைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். முன்பு நான் கொடுத்த கடிதத்துக்குப் பதிலாக இதையே எடுத்துக்கொள்ளவும்.

இதைத் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், முகவரியையும் தெரிவிக்கவும். பில், அட்டை ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன."

கடைசிப் பத்தி எதற்கு என்று கேட்பீர்கள். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விவரம் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் இதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள். எதுவுமே இல்லை என்றால் அது தனி மீறல். தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு கவனிக்கிறது. இதைக் கடிதத்தில் மிரட்டலாக எழுத வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை வாசித்தாலே விவரம் தெரிந்த கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியும் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அசல் பில்லையும் கேபிளையும் கடிதத்தோடு கொடுத்துவிடாதீர்கள்.

7 நாள் கழித்தும் பதில் இல்லை என்றால்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து எதிர்த்தரப்பைத் தொடர்புகொள்வார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. சின்னக் கடை என்றால் கண்டுகொள்ளாமலும் போகலாம். ஆனால் பேசிப் பார்த்தீர்கள் என்பதற்கு ஒரு புகார் எண் கிடைக்கும்.

அதன் பிறகு சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்தே அங்கே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காணொலி வழியாக ஆஜராகவும் அனுமதி கேட்கலாம்.

250 ரூபாய்க்கு இவ்வளவு தூரமா என்றால், என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட நீளும். வாய்தாவுக்கு நீங்களே போக வேண்டி வந்தால் அன்று கடை மூடித்தான் இருக்கும். ஆய்வு இல்லாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆணையம் நினைத்தால், கேபிளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தைப் புகார் கொடுத்தவர்தான் முதலில் கட்ட வேண்டும். போட்டுக் காட்டினாலே தெரிகிற குறைக்கு ஆய்வகம் தேவைப்படாது. வீடியோவையும் மெக்கானிக் எழுதித் தரும் தாளையும் இவ்வளவு வலியுறுத்துவதும், வெட்டாதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னதும் இதற்காகத்தான். கடிதம், 1915 இரண்டும் பலிக்காமல் போனால் மட்டும், எழுத்து வேலையெல்லாம் கையில் தயாராக இருக்கும் அந்த நிலையில், ஆணையத்தில் பதியுங்கள். ஆணையத்தின் நோட்டீஸ் கைக்குப் போனதும் சமரசத்துக்கு வரும் கடைக்காரர்கள் பலர்.

கடைக்காரர் மாற்றித் தர ஒப்புக்கொண்டால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். புதிதாகக் கொடுக்கும் கேபிளை அவர் எதிரிலேயே போட்டு, உங்கள் போனிலிருந்து ஒரு போட்டோ லேப்டாப்புக்கு வந்ததைப் பார்த்த பிறகு குறையுள்ள கேபிளைக் கொடுங்கள். பில்லின் பின்பக்கம் "டேட்டா கேபிள் மாற்றிக் கொடுக்கப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டு அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் தகவல் போகும் கேபிளே இல்லை என்றால் பணத்தைத் திருப்பி வாங்குங்கள். அதற்கு ஈடாக வேறு ஏதாவது பொருள் தருகிறேன் என்றால் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.